நடுங்கும் மீசை

வீடியோ அழைப்பில் மீசை ஒட்டும் ஃபில்டரைப் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். முகம் சும்மா இருக்கும், மீசை மட்டும் குளிரில் நிற்பதுபோல நடுங்கும்.

மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் புகைப்படமாகப் பார்ப்பதால் வரும் வினை இது. கண், மூக்கு, உதடு என்று முகத்தில் 68 புள்ளிகளைத் தேடிக் குறிப்பது பரவலான முறை. போன ஃபிரேமில் எங்கே குறித்தோம் என்ற நினைவு அதற்கு இல்லை. ஆகவே அசையாத உதட்டோரம்கூட 300, 302, 299, 301, 298 என்று பிக்சல் கணக்கில் அலைகிறது. இந்தப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, அவற்றின் மேல்தான் மீசைப் படத்தை இழுத்துப் பொருத்துகிறார்கள். முக்கோணம் சிறியதென்றால் ஒரு முனை இரண்டு பிக்சல் நகர்ந்தாலே படம் கோணிக்கொள்ளும்.

முதலில் தோன்றும் வைத்தியம் சராசரி. மேலே உள்ள ஐந்து எண்களின் சராசரி 300. ஒவ்வொரு புது ஃபிரேமுக்கும் கடைசி ஐந்தையே கூட்டி வகுத்தால் நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் அவர் தலையைத் திருப்பட்டும். ஃபிரேமுக்குப் பத்து பிக்சல் நகர்கிறார் என்று வையுங்கள். ஐந்தின் சராசரி என்பது இரண்டு ஃபிரேமுக்கு முந்தைய இடம். மீசை 20 பிக்சல் பின்தங்கிக் கன்னத்தில் தொங்கும். கண் சிமிட்டல் இன்னும் மோசம். 10 பிக்சல் திறந்திருந்த இமை இரண்டு ஃபிரேம் மட்டும் முழுதாக மூடினால், சராசரி 6க்குக் கீழே இறங்காது. ஒட்டிய கண் மூடவே மூடாது!

ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி இங்கே கைகொடுக்கிறது. அது புள்ளியின் இடத்தோடு வேகத்தையும் கணித்து வைத்துக்கொள்கிறது. ‘இப்போது 310இல் இருக்க வேண்டும்’ என்று அது ஊகிக்க, கண்டறிந்த இடமோ 314 என்கிறது. வித்தியாசத்தில் கால் பங்கை மட்டும் ஏற்றால் 311. வேகமும் அதற்கேற்பத் திருந்தும். சீரான அசைவில் பின்தங்கல் அநேகமாக இல்லை.

எத்தனை பங்கு ஏற்பது என்பதில்தான் கைப்பக்குவம். ஒருவரை அசையாமல் உட்காரவைத்து நூறு ஃபிரேம் எடுத்தால் அளவீட்டின் நடுக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். முகம் எவ்வளவு திடீரென்று வேகம் மாறும் என்பதை மட்டும் பார்த்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். தலை சட்டென்று நிற்கும்போது மீசை தாண்டிப்போய்த் திரும்பி வந்தால், அந்த மாற்றத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம் என்று பொருள். கூட்டினால் சரியாகும், கொஞ்சம் நடுக்கமும் திரும்பும். இமைகளுக்குத் தாடையைவிட அதிகமான அளவைத் தனியே வைப்பது நல்லது.

இன்னொன்று, காட்சி வெட்டப்பட்டு வேறொரு முகம் வந்தால் வடிகட்டியைப் புதிதாகத் தொடங்க வேண்டும். மறந்தால் பழைய முகத்தின் மீசை திரையைக் கடந்து புது முகத்துக்குப் பறந்துபோகும்.