வக்கீல் நோட்டீஸ் கேட்கும் தொகையும், ஒப்பந்தம் சொல்லும் தொகையும்

வீடு கட்டி முடிந்து சாவியும் வாங்கியாகிவிட்டது. கடைசித் தவணைக் கணக்கில் கட்டட ஒப்பந்ததாரருடன் இழுபறி. ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வருகிறது: '15 நாளில் இவ்வளவு தொகையை 18 சதவீத வட்டியுடன் செலுத்தவும்.' பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்து முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார்கள். இல்லை, கோபத்தில் 'ஒரு பைசாவும் பாக்கி இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். எது நியாயமான பாக்கி, எது இல்லை என்று ஒப்பந்தத்தின் விலை ஷரத்தை வைத்துப் பிரித்துக் காட்டுவதுதான் நல்ல பதில்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு ரூ.2,300; மொத்தம் ரூ.27,60,000. இதில் 5 சதவீதமான ரூ.1,38,000 கடைசித் தவணை. கம்பி விலைக்குத் தனி ஷரத்து இருக்கிறது: அடிப்படை விலை கிலோ ரூ.60, 5 சதவீதம் வரையிலான ஏற்றம் ஒப்பந்ததாரரைச் சேர்ந்தது, அதற்கு மேல் ஏறினால், ஏறிய மிகுதியை மட்டும் கொள்முதல் பில்படி வீட்டுக்காரர் தர வேண்டும். அதாவது கிலோ ரூ.63 வரை வீட்டுக்காரருக்குச் சுமை இல்லை.

பணியில் 4,800 கிலோ கம்பி செலவானது. ஒப்பந்ததாரர் கடைசி விலையான ரூ.70-ஐ எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு 10 ரூபாய் ஏற்றம் என்று மொத்தக் கம்பிக்கும் ரூ.48,000 கேட்கிறார். ஆனால் பில்களைப் பார்த்தால் 2,800 கிலோ ரூ.62 விலையிலேயே வாங்கப்பட்டிருக்கிறது. ஷரத்துப்படி அதற்கு எதுவும் சேராது. மீதி 2,000 கிலோவுக்குத்தான் ரூ.70. அதில் ரூ.63 போக மிகுதி 7 ரூபாய், ஆக ரூ.14,000. கேட்டது ரூ.1,86,000, தர வேண்டியது ரூ.1,52,000. தகராறு ரூ.34,000 பற்றி மட்டுமே.

பதில் நோட்டீஸில் இந்தக் கணக்கு அப்படியே வர வேண்டும். ஷரத்தின் எண்ணையும் வாசகத்தையும் எடுத்தெழுதி, பில் தேதி, எடை, விலை ஆகியவற்றை வரிசையாகக் கொடுத்து, 'ஷரத்துப்படி தர வேண்டிய ரூ.1,52,000-ஐச் செலுத்துகிறேன், மீதியை மறுக்கிறேன்' என்று முடிக்கலாம். ஒப்பந்தத்தில் வட்டி பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், 18 சதவீதத்துக்கு ஆதாரம் என்ன என்றும் கேட்க வேண்டும். மறுக்காமல் விட்ட கோரிக்கையை ஒப்புக்கொண்டதாகப் பின்னால் எதிர்த்தரப்பு வாதிட முடியும்.

ஒப்புக்கொண்ட தொகையை உடனே வங்கி வழியே அனுப்பிவிடுவது நல்லது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தப் பணத்துக்காகச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி சுருக்க விசாரணை வழக்கு தொடரப்பட்டால், எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கோரிக்கையில் ஒரு பகுதியை நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால், அந்தத் தொகையை நீதிமன்றத்தில் கட்டாமல் அந்த அனுமதி கிடைக்காது.

வாட்ஸ்அப்பில் 'கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன்' என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பின்னர் தொகையை மறுக்கும்போது அந்த ஒரு வரியே எதிர்ச் சாட்சியாக நிற்கும். முன்பு வந்த பில்களில் கம்பிக்கு முழு விலை ஏற்றத்தையும் முணுமுணுக்காமல் கட்டியிருந்தால், ஷரத்தை இருவரும் சேர்ந்தே கைவிட்டோம் என்றும் வாதம் வரும். இப்படி நடந்திருந்தால் அதைப் பதிலில் மறைக்காமல், எந்தச் சூழலில் கட்டினீர்கள் என்று விளக்குவது மேல்.

விலை ஷரத்து எல்லாவற்றுக்கும் கேடயம் ஆகாது. திட்டத்தில் இல்லாத ஓர் அறையையோ கூடுதல் தூணையோ நீங்கள் கேட்டுக் கட்டியிருந்தால், அது விலை ஏற்றமல்ல, கூடுதல் வேலை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. 'சந்தை நிலவரப்படி' என்று மட்டும் எழுதியிருக்கும் ஷரத்தை வைத்தும் இவ்வளவு துல்லியமாக மறுக்க முடியாது.

காலக்கெடுவையும் கவனியுங்கள். சாதாரண நோட்டீஸில் வரும் 15 நாள் அனுப்பியவர் வைத்த கெடு. செக் திரும்பியதற்கான நோட்டீஸில் வரும் 15 நாளோ சட்டம் வைத்த கெடு. அதற்குள் பணம் செலுத்தாவிட்டால் குற்ற வழக்குத் தொடர வழி பிறக்கும். கையில் இருப்பது எந்த வகை நோட்டீஸ் என்று வந்த அன்றே வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு, பதிலை ஒப்புகை பெறும் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்பந்தத்துடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.