'தானியங்கி' எதைத் தெரிவுசெய்கிறது?

2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, நம்மவர் பலர் வீ.பி.என். செயலிகளை நாடினர். அவற்றின் 'தானியங்கி' நெறிமுறை மிக விரைவானதைத் தெரிவதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது WireGuard போன்றதை முதலில் முயல்கிறது. பதிலில்லையேல் OpenVPN TCP போன்றதற்கு மாறி, இணைப்புக் கிடைத்ததும் நின்றுவிடுகிறது.

பதுளை, பசறைத் தோட்டங்களில் மலைமறைவால் சமிக்ஞை சற்றே அறுந்தாலும், செயலி அதனைத் தடையெனக் கருதி TCPக்கு இறங்கக்கூடும். அங்கு தொலைந்த தரவுப்பொதிகளைச் செயலியும் இணையப்பக்கமும் தனித்தனியே மீண்டும் அனுப்ப முயல்வதால் வேகம் மேலும் குன்றும்.

ஆகவே, இணைந்தும் பக்கங்கள் ஊர்ந்தால் WireGuardஐ நாமே தெரிவுசெய்வோம். சமிக்ஞை நன்றாயிருந்தும் அது இணையாவிடின் OpenVPN TCP உதவக்கூடும். வீ.பி.என். இன்றியும் மந்தமெனில், குறை பெரும்பாலும் சமிக்ஞையிலோ வலையமைப்பிலோ இருக்கும். அதனை எந்த நெறிமுறையும் தீர்க்காது.