பாட்டியின் உதடு ஒட்டும் இடம்

கோட்டோவியமாக வரைந்த ஒரு பாட்டியின் முகம். பெரிய மூக்குத்தி, சுருக்கம் விழுந்த கன்னம், வாய்க்கு ஒரே ஒரு வளைந்த கோடு. அதற்குப் பக்கத்தில் கைபேசியில் பதிவு செய்த குரல்: “எனக்கு எதுக்குப்பா பணம்? போன் பண்ணு, போதும்.” மூன்று விநாடிகூட வராத இந்தப் பேச்சை அந்தப் படமே பேசுவதுபோலக் காட்ட வேண்டும். திரையில் பேசும் ‘அவதார்’ முகங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலை இதுதான்.

பலரும் முதலில் முயல்வது, சத்தம் கூடினால் வாயைத் திறப்பது, குறைந்தால் மூடுவது. இதைச் செய்வது எளிது. பார்த்த மாத்திரத்தில் பொம்மலாட்டம் என்று தெரிந்துவிடுவதும் அதனால்தான். ‘ம்’ என்ற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கேட்கும் ஒலிதான், ஆனால் அதைச் சொல்லும்போது உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. சத்தத்தை மட்டும் அளக்கும் முறை, மூட வேண்டிய அந்த இடத்தில் வாயைத் திறந்துவிடும்.

பார்ப்பவர்களின் கண் இதில் அசாத்தியக் கூர்மை உடையது. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இருவர் 1976இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உதட்டில் பிறக்கும் பகர ஒலியை ஓடவிட்டு, கூடவே ககர ஒலியைச் சொல்லும் வாயைக் காட்டினார்கள். பெரும்பாலோர் காதில் விழுந்தது இரண்டும் அல்ல. நுனிநாக்கில் பிறக்கும் தகரம் போன்ற மூன்றாவது ஒலி. பேச்சை நாம் கண்ணாலும் கேட்கிறோம். வாய் தப்பாக அசைந்தால் ‘படம் சரியில்லை’ என்பதோடு போகாது, சொல்லே வேறாகக் கேட்கக்கூடும்.

அதற்காக எழுத்துக்கு ஒன்றாக வாய் வரைய வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கவும் ஙவும் ஒன்றுபோலத்தான் தெரியும். பவும் மவும் அப்படியே. அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோ ‘ஸ்கூபி-டூ’, ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ போன்ற தொடர்களை ஆறே ஆறு வாய்களை வைத்துச் சமாளித்தது. மூடிய வாய், பல் தெரியும் சிறு திறப்பு, நடுத்தரத் திறப்பு, ‘ஆ’ என்று அகலத் திறந்த வாய், லேசாகக் குவிந்தது, நன்றாகக் குவிந்தது. ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவச மென்பொருள் இவற்றுக்கு A முதல் F வரை பெயர் வைத்திருக்கிறது. ஓய்வில் இருக்கும் வாய்க்கு X. அந்த மென்பொருளின் வழக்கமான முறை ஆங்கிலச் சொற்களைத் தேடும். தமிழ்க் குரலுக்கு ஒலியை மட்டும் பார்க்கும் முறையைக் கேட்டு வாங்க வேண்டும்:

```
rhubarb -r phonetic -o patti.txt patti.wav
```

கிடைக்கும் கோப்பில் வரிக்கு ஒரு நேரமும் ஒரு வாயும் இருக்கும். ‘போதும்’ என்ற சொல்லின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி வரலாம்:

```
2.10	A
2.18	F
2.40	B
```

இந்த வரிகளை அப்படியே நம்பிவிடாமல் குரலோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பாட்டியின் பேச்சை எழுத்தைப் பார்த்துப் படித்தால் உதடு ஏழு இடத்தில் ஒட்ட வேண்டும்: ஐந்து பகரம், இரண்டு மகரம். பேசிக் காட்டச் சொன்னால் ஐந்தோடு நின்றுவிடும். பேச்சுத் தமிழில் ‘பணம்’, ‘போதும்’ ஆகியவற்றின் கடைசி ‘ம்’ பெரும்பாலும் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. உதடுகள் நெருங்கும், ஒட்டுவதில்லை. அங்கே வாயைப் பட்டென்று மூடினால் பாட்டி செய்தி வாசிப்பதுபோல ஆகிவிடும். ‘எனக்கு’, ‘பண்ணு’ இரண்டின் கடைசி உகரத்தையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். உதடு குவியாது. இவற்றில் ‘எனக்கு’ சொல்லின் கடைசி உகரத்தை நம் இலக்கணமே குற்றியலுகரம் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. எழுத்தை நம்பி ‘உ’ வருமிடமெல்லாம் வாயைக் குவித்தால் பாட்டி ஓயாமல் விசிலடிப்பாள்.

உதடு ஒட்டுவதையும் ஒட்டாததையும் நம்மவர்கள் வெகு காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். 341ஆம் குறளைச் சொன்னால் உதடு ஒட்டாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நிரோட்டகம் என்றே ஒரு செய்யுள் வகை இருக்கிறது. வாயசைவு வேலையில் அந்தக் கவனம் அப்படியே கைகொடுக்கும். ஒட்டும் இடங்கள் சரியாக அமைந்தால், நடுவில் வரும் உயிர் ஒலிகளில் சின்னப் பிசகு இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும்.

ஒட்டினால் மட்டும் போதாது, ஒட்டி நிற்க வேண்டும். விநாடிக்கு 24 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 42 மில்லிவிநாடி. மூடிய வாய் ஒரே சட்டகத்தில் வந்து போனால் கண்ணில் படாது. குறைந்தது இரண்டாவது வேண்டும். ‘எதுக்குப்பா’வில் இருப்பது இரட்டைப் பகரம். ஒற்றையைவிட அது நெடுநேரம் மூடியிருக்கும் என்பதால் அங்கே நான்கு சட்டகம் வரை தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்தது, வாய் முன்கூட்டியே தயாராவது. ‘பண்ணு’வின் பகரமும் ‘போதும்’ சொல்லில் வரும் பகரமும் காதுக்கு ஒன்றுதான். கண்ணாடியில் பார்த்தால், ‘போ’வுக்காக மூடும்போதே உதடுகள் முன்தள்ளிக் குவியத் தொடங்கிவிடுகின்றன. வரப்போகும் ஓகாரம் அவற்றை இழுக்கிறது. அதனால் அனுபவமுள்ள அனிமேட்டர் மூடிய வாயிலேயே இரண்டு வகை வைத்துக்கொள்வார்: தட்டையாக ஒன்று, சற்றுக் குறுகியதாக ஒன்று. வாயசைவு ஒலிக்கு ஒரு சட்டகம் முந்தி வருவதும் இயல்பாகவே தோன்றும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறது. ஒலி பிந்தினால் 125 வரை தெரியாது. மேளக்காரர் குச்சியை ஓங்குவதைப் பார்த்த பிறகுதானே அடி காதில் விழுகிறது?

வரைந்த முகத்தில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு பல்லில் இருக்கிறது. வாய்ப் படத்தை மேலும் கீழும் ஒரே அளவில் இழுத்துப் பெரிதாக்கினால் மேல்வரிசைப் பல் மூக்கை நோக்கி நகர்கிறது. மேல்பல் மண்டையோட்டில் பதிந்தது, அசையாது. இறங்குவது கீழ்த்தாடைதான். எனவே மேல்வரிசைப் பல்லை அசையாத தனி அடுக்காக வைத்து, கீழுதட்டையும் முகவாய்க் கோட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். ‘ஆ’வுக்கு முகவாய் கொஞ்சம்கூட இறங்காவிட்டால், முகமூடியில் ஓட்டை போட்டதுபோல இருக்கும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட கணினியிடமே விட்டுவிடலாமே? ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் உருவாகி 2020இல் வெளிவந்த வேவ்டுலிப் அப்படிப்பட்ட ஒரு முறை. நிஜ மனிதர்கள் பேசும் காணொளிகளில் பயின்று, எந்தக் குரலுக்கும் வாயை வரைந்து தருகிறது. நிழற்படத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். கோட்டோவியப் பாட்டியிடம் தடுமாறும். சில படங்களில் முகம் இருக்குமிடமே அதற்குத் தெரியாது. தெரிந்தாலும், 96க்கு 96 புள்ளி அளவில் வரைந்த மங்கலான நிஜப் பற்களை மைக்கோட்டு முகத்தில் ஒட்டிவிடும். அசைவு சரி, கைவண்ணம் வேறு. ஓவியரே வரைந்த ஏழெட்டு வாய்கள் இங்கே இன்றும் மேலானவை.

சோதிக்கும் வழி எளிது. ஒலியை அணைத்துவிட்டு, பாட்டியின் உதடு எத்தனை முறை ஒட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஐந்து வந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. மிச்சமிருப்பது ‘போதும்’ முடிந்த பிறகு வரும் நொடி. குரல் நின்றதும் வாயை X-க்குத் தூக்கிப் போடாமல், நாலைந்து சட்டகம் லேசாகத் திறந்தபடி விட்டு, பிறகு மெல்ல மூடினால் பாட்டி ஒரு மூச்சு விட்டதுபோல இருக்கும்.