300 பஃப்ஸா, 400 பஃப்ஸா? ஒரு பேக்கரி கணக்கின் உள்ளே!

கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறமாக அடுக்கியிருக்கும் முட்டை பஃப்ஸை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குப் பின்னால் ஓடும் கணக்கைப் பார்த்திருக்கிறீர்களா? மேலாண்மைக் கணக்கியல் மாணவர்களுக்கு அசைன்மென்ட்டாக வரும் சின்ன பேக்கரி கணக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைவோம். இது பரீட்சைத்தாளுக்காகப் புனைந்த கடைதான். ஆனால் அதன் அடுப்பில் நிஜமாகவே சூடு இருக்கிறது!

முதலில் செலவுகளை இரண்டு கூடையில் பிரிக்க வேண்டும். வாடகை 20,000, மாஸ்டர் சம்பளம் 28,000, கவுண்டரில் நிற்பவருக்கு 14,000, கரண்ட் 6,000, ஓவன் தேய்மானம் 4,000. மொத்தம் மாதம் 72,000 ரூபாய். ஒரு பஃப்ஸ்கூட விற்காவிட்டாலும் இது போகும். இதுதான் நிலைச் செலவு.

அடுத்த கூடை, பஃப்ஸோடு சேர்ந்தே ஏறும் மாறும் செலவு. அரை முட்டைக்கு 3 ரூபாய், மைதாவுக்கும் மார்கரினுக்கும் 6, வெங்காய மசாலாவுக்கு 2, கேஸுக்கும் பேப்பருக்கும் 1. ஆக 12 ரூபாய். இங்கேயே பலர் சறுக்குகிறார்கள். பஃப்ஸ் செய்வதே மாஸ்டர்தானே என்று அவர் சம்பளத்தைத் தூக்கி இந்தக் கூடையில் போட்டுவிடுவார்கள். அவருக்கு மாதச் சம்பளம். 100 பஃப்ஸ் போட்டாலும் 400 போட்டாலும் அதே 28,000தான். பஃப்ஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் மட்டுமே அது மாறும் செலவு.

விலை 20, மாறும் செலவு 12. மிஞ்சும் 8 ரூபாய்க்குப் பெயர் கான்ட்ரிபியூஷன். ஒவ்வொரு பஃப்ஸும் விற்கும்போது இந்த 8 ரூபாய் போய் அந்த 72,000 ரூபாய்ப் பள்ளத்தை நிரப்புகிறது. 72,000-ஐ 8-ஆல் வகுத்தால் 9,000. மாதத்துக்கு 30 நாள் என்றால் தினம் 300 பஃப்ஸ். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதுதான் பிரேக்-ஈவன். 301-ஆவது பஃப்ஸ் கையை விட்டுப் போகும்போது முதல் 8 ரூபாய் லாபம் பிறக்கிறது!

பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே கோடு போட்டு முடித்துவிடுகின்றன. ஆனால் சுவாரஸ்யமே இனிமேல்தான். இரவு கடை மூடும்போது பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். சில பஃப்ஸ் மிச்சம் கிடக்கும்! சூத்திரமோ, சுட்டதெல்லாம் விற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. பேக்கரியில் செலவு சுட்டதைப் பொறுத்தது, வரவு விற்றதைப் பொறுத்தது.

10 சுட்டு 9 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 180, செலவு 120. மிஞ்சுவது 80 அல்ல, 60. 72,000-ஐ 60-ஆல் வகுத்தால் 1,200 பத்துகள், அதாவது மாதம் 12,000 பஃப்ஸ். தினம் 400 சுட்டு 360 விற்றால்தான் தப்பிக்கலாம். பத்தில் ஒன்று மீந்ததற்கு, சுட வேண்டிய எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு எகிறிவிட்டது! 400 சுட ஓவனுக்கும் மாஸ்டருக்கும் நேரம் போதுமா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஒரு கை கூடுதலாகச் சேர்த்தால் 72,000 என்ற எண்ணே மாறிவிடும்.

சரி, மீந்த பஃப்ஸை இரவு 8 மணிக்கு 10 ரூபாய்க்குத் தரலாமா? அடக்கமே 12 ஆச்சே என்று கை பின்வாங்கும். ஆனால் அந்த 12 காலையிலேயே செலவாகிவிட்டது. இப்போது போட்டி 10 ரூபாய்க்கும் குப்பைத்தொட்டிக்கும் இடையில்தான். 10 ரூபாய்க்கு விற்றால் பத்துக்கு 60 என்பது 70 ஆகிறது. தினம் சுட வேண்டியது 400-லிருந்து சுமார் 343-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. மாலை 6 மணிக்கு 20 ரூபாய் கொடுத்து வாங்குபவரும் 8 மணி வரை காத்திருக்கத் தொடங்கினால் இந்த ஆதாயம் கரைந்துவிடும். 6 மணி விற்பனை குறைகிறதா என்பதைத் தனியாகக் குறித்து வந்தால் அது தெரிந்துவிடும்.

கடையில் பன்னும் பிறந்தநாள் கேக்கும் இருந்தால், எது எவ்வளவு விகிதத்தில் விற்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்த அசைன்மென்ட் உங்கள் மேசையில் இருந்தால், 9,000 என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். சுட்டது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று இரண்டு வரிகள் தனித்தனியாகப் போடுங்கள். பேக்கரியின் உண்மையான பிரேக்-ஈவன் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.