சூடானால் சிலிக்கானின் மின்தடை கூடுமா, குறையுமா?

பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒரு வரி: "உலோகத்தைச் சூடாக்கினால் மின்தடை கூடும், குறைகடத்தியைச் சூடாக்கினால் மின்தடை குறையும்." வைவாவில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம்.

இப்போது KTY81-110 என்ற சிலிக்கான் வெப்பநிலை சென்சாரின் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள். 25 °C-ல் 1000 ஓம். 100 °C-ல் கிட்டத்தட்ட 1700 ஓம். உள்ளே இருப்பது டோப் செய்யப்பட்ட சிலிக்கான்தான், வேறெதுவும் இல்லை. சூடாகச் சூடாக மின்தடை ஏறுது! அப்போ நாம படிச்ச வரி தப்பா?

தப்பில்லை, பாதிதான். அந்த வரி தூய சிலிக்கானுக்கு எழுதப்பட்டது. டோப் செய்த சிலிக்கானின் கதையில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கடும் குளிரிலிருந்து கொதிக்கும் சூடு வரை அதைக் கூட்டிக்கொண்டு போவோம்.

நம்முடைய துண்டு

ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் சுமார் 5 × 10²² அணுக்கள் இருக்கின்றன. அதில் 10¹⁵ பாஸ்பரஸ் அணுக்களைச் சேர்க்கிறோம். அதாவது ஐந்து கோடி சிலிக்கான் அணுக்களுக்கு நடுவில் ஒரே ஒரு பாஸ்பரஸ்.

பாஸ்பரஸின் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள். நான்கு, பக்கத்துச் சிலிக்கான் அணுக்களோடு பிணைப்பில் போய்விடும். மிஞ்சிய ஐந்தாவது எலக்ட்ரானைத்தான் பாஸ்பரஸ் படிகத்துக்குக் 'கொடை' கொடுக்கிறது. அதனால் அது டோனார். பாஸ்பரஸுக்குப் பதிலாக போரான் போட்டால், வெளிக்கூட்டில் மூன்றுதான். ஒரு பிணைப்பில் ஓர் இடம் காலி. பக்கத்துப் பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் வந்து அதை நிரப்பும், காலியிடம் அங்கே நகரும். அந்த நகரும் காலியிடம்தான் துளை; எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட போரான் அக்செப்டார்.

இந்த ஐந்து கோடிக்கு ஒன்று என்ன செய்துவிடும்? 300 கெல்வினில் தூய சிலிக்கானின் மின்தடை எண் மூன்று லட்சம் ஓம்-செ.மீ.க்கும் மேல். நம் துண்டுக்கு 5 ஓம்-செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. ஏறத்தாழ எழுபதாயிரம் மடங்கு வித்தியாசம்.

முதல் கட்டம்: எலக்ட்ரான்கள் உறைந்து கிடக்கும் குளிர்

30 கெல்வினில் ஆரம்பிப்போம். ஐந்தாவது எலக்ட்ரான் பாஸ்பரஸோடு ஒட்டியிருக்கும் ஆற்றல் சுமார் 0.045 eV. இந்த வெப்பநிலையில் kT 0.0026 eV மட்டுமே. பெரும்பாலான எலக்ட்ரான்களால் வெளியே வரவே முடியாது. கணக்குப் போட்டால் ஆயிரத்தில் மூன்று நான்கு பாஸ்பரஸ் அணுக்கள்தான் எலக்ட்ரானை விட்டிருக்கும். டோப்பிங் இருக்கிறது, ஆனால் பயனில்லை. இதைத்தான் 'ஃப்ரீஸ்-அவுட்' என்கிறோம்.

சூடு ஏற ஏற எலக்ட்ரான்கள் விடுபடும். 50 கெல்வினில் சுமார் 15 சதவீதம். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் சுமார் முக்கால் பங்கு. 300 கெல்வினில் கிட்டத்தட்ட எல்லாமே.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். 300 கெல்வினில் kT எவ்வளவு? 0.026 eV. அதுவே 0.045-ஐ விடக் குறைவுதானே? பிறகு எப்படி எல்லா எலக்ட்ரான்களும் விடுபட்டன?

விடை ஆற்றலில் மட்டும் இல்லை, இடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. கடத்து பட்டையில் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் பயனுள்ள நிலைகள் 300 கெல்வினில் ஒரு கன செ.மீ.க்கு சுமார் 2.8 × 10¹⁹. பாஸ்பரஸ் இருக்கைகளோ 10¹⁵ தான். வீட்டில் ஓர் இருக்கை, வெளியே இருபத்தெட்டாயிரம் இருக்கைகள். வெளியே போகக் கொஞ்சம் செலவாகும் என்றாலும், அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தால் எலக்ட்ரான் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். அதனால்தான் டோப்பிங் மிக அதிகமானால், 10¹⁸ பக்கம் போனால், இந்த 'எல்லாமே விடுபடும்' என்ற கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. இருக்கை விகிதம் மாறிவிடுகிறது.

இரண்டாம் கட்டம்: எண்ணிக்கை நிற்கும், வேகம் குறையும்

பாஸ்பரஸ் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டது. இனி சூடாக்கினாலும் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. பட்டை இடைவெளியான 1.12 eV-ஐத் தாண்டி, சிலிக்கானின் சொந்தப் பிணைப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வர இன்னும் போதிய சூடு இல்லை. 300 கெல்வினில் அப்படி வருபவை சுமார் 10¹⁰ தான். நம் 10¹⁵-க்கு முன்னால் லட்சத்தில் ஒன்று. எனவே எலக்ட்ரான் எண்ணிக்கை n அப்படியே 10¹⁵-ல் நிற்கும்.

ஆனால் மின்கடத்து எண் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல:

σ = q (n μₙ + p μₚ)

இதில் μ என்பது மொபிலிட்டி: ஒரு குறிப்பிட்ட மின்புலத்தில் எலக்ட்ரானோ துளையோ எவ்வளவு வேகமாக நகரும் என்பதன் அளவு. சூடு ஏறினால் சிலிக்கான் அணுக்களின் அதிர்வு கூடும், எலக்ட்ரான் அடிக்கடி மோதும், μ குறையும். லேசாக டோப் செய்த சிலிக்கானில் எலக்ட்ரான் மொபிலிட்டி ஏறத்தாழ T-யின் −2.4 அடுக்குப்படி விழுகிறது. 300 கெல்வினில் சுமார் 1340 செ.மீ.²/V·s இருப்பது 400 கெல்வினில் பாதியாகிவிடும்.

எண்ணிக்கை மாறவில்லை, மொபிலிட்டி பாதி. ஆக மின்தடை இரட்டிப்பு! நம் துண்டு 27 °C-ல் 4.7 ஓம்-செ.மீ. என்றால் 127 °C-ல் சுமார் 9.3. இந்தக் கட்டத்தில் டோப் செய்த சிலிக்கான் உலோகம் மாதிரியே நடந்துகொள்கிறது. KTY81 சென்சார் வேலை செய்வதும் இங்கேதான். நம் அறை வெப்பநிலையும் இந்தக் கட்டத்துக்குள்தான் வருகிறது. அதனால்தான் லேபில் டோப் செய்த சிலிக்கான் துண்டை ஹேர் டிரையரால் சூடாக்கினால் 'பாடத்துக்கு எதிரான' ரீடிங் வருகிறது.

மூன்றாம் கட்டம்: சிலிக்கானின் சொந்த எலக்ட்ரான்கள்

இன்னும் சூடாக்குவோம். பிணைப்புகள் உடைந்து, எலக்ட்ரானும் துளையும் ஜோடி ஜோடியாகப் பிறக்கும். தூய சிலிக்கானில் இப்படி இருக்கும் அளவை nᵢ என்போம். அது அடுக்குக்குறி வேகத்தில் ஏறும்: 400 கெல்வினில் சுமார் 5 × 10¹², 500 கெல்வினில் சுமார் 2.4 × 10¹⁴, 550 கெல்வினில் சுமார் 10¹⁵. அதாவது 277 °C அளவில், சிலிக்கானின் சொந்தக் கணக்கு நாம் போட்ட பாஸ்பரஸைப் பிடித்துவிடுகிறது.

அப்போது n எவ்வளவு? 10¹⁵ கூட்டல் 10¹⁵, ஆக 2 × 10¹⁵ என்று எழுதினால் மார்க் போயிடும். n × p = nᵢ² என்ற விதி எப்போதும் பொருந்தணும்; n − p = 10¹⁵ என்பதும் பொருந்தணும். இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால்:

n = N/2 + √( (N/2)² + nᵢ² )

550 கெல்வினில் n சுமார் 1.6 × 10¹⁵, p சுமார் 0.6 × 10¹⁵. ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைய இருப்பதால், புதிதாகப் பிறக்கும் துளைகள் சீக்கிரமே நிரப்பப்பட்டுவிடுகின்றன. அதனால்தான் கூட்டுத்தொகை குறைவு.

இப்போது மின்தடை எண்ணை வரிசையாகப் பாருங்கள் (எல்லாம் தோராயம்):

- 300 K: 4.7 ஓம்-செ.மீ.
- 400 K: 9.3
- 500 K: 15
- 550 K: 11
- 600 K: 5

ஏறி, 500 கெல்வின் பக்கம் உச்சத்தைத் தொட்டு, விழுகிறது. 600 கெல்வினில் கிட்டத்தட்ட அறை வெப்பநிலை மதிப்புக்கே திரும்பி வந்துவிட்டது. ஆக மின்தடையை மட்டும் அளந்து வெப்பநிலையைச் சொல்ல முடியாது. உச்சத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதும் தெரியணும். இந்த வரிசையில் பாடப்புத்தக வரி உண்மையாவது உச்சத்துக்கு அந்தப் பக்கம்தான்.

டோப்பிங்கைக் கூட்டினால் இந்த உச்சம் மேலே நகரும், ஏனென்றால் nᵢ பிடிக்க வேண்டிய எண் பெரிதாகிறது. குறைத்தால் கீழே இறங்கும்.

அப்போ டிரான்சிஸ்டர் ஏன் 277 °C வரை தாங்குவதில்லை?

நல்ல கேள்வி. சாதாரண சிலிக்கான் சாதனங்களின் ஜங்ஷன் வெப்பநிலை வரம்பு பெரும்பாலும் 150 °C, சிலவற்றில் 175 °C. 400 கெல்வினில் எலக்ட்ரான் எண்ணிக்கை துளிகூட மாறவில்லை என்று பார்த்தோமே?

மாறாதது பெரும்பான்மை. சிறுபான்மையைப் பாருங்கள். நம் துண்டில் துளைகள் nᵢ²/n. 300 கெல்வினில் அது 10²⁰/10¹⁵ = 10⁵. 400 கெல்வினில் சுமார் 2.7 × 10¹⁰. வெறும் நூறு டிகிரி ஏற்றத்தில் இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல்! சும்மா ஒரு ரெசிஸ்டராகப் பயன்படுத்தினால் இது தெரியவே தெரியாது. ஆனால் ரிவர்ஸ் பயாஸில் இருக்கும் p-n சந்தியின் கசிவு மின்னோட்டம் சிறுபான்மை ஊர்திகளையும் nᵢ-ஐயும் நம்பித்தான் இருக்கிறது. கசிவு கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கசிவு இன்னும் கூடும். சந்தி முதலில் கெடும், துண்டு பிறகுதான்.

டோனாரும் அக்செப்டாரும் சேர்ந்து இருந்தால்?

நம் துண்டில் 3 × 10¹⁵ போரானையும் சேர்த்தால், பாஸ்பரஸ் கொடுத்த எலக்ட்ரான்களைப் போரான் விழுங்கிவிடும். மிச்சம் 2 × 10¹⁵ துளைகள். துண்டு p வகையாக மாறிவிட்டது. ஐ.சி. தயாரிப்பில் ஒரே தட்டில் இரண்டு வகைப் பகுதிகளையும் இப்படித்தான் உருவாக்குகிறார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீங்க: எண்ணிக்கைக்குக் கழித்தல், மோதலுக்குக் கூட்டல். மின்னேற்றம் பெற்ற 4 × 10¹⁵ அணுக்களும் ஊர்திகளைச் சிதறடிக்கும். அதன் பாதிப்பு குளிரில்தான் அதிகம், ஏனென்றால் அப்போது அணு அதிர்வு குறைவு. மெதுவாகப் போகும் ஊர்தியை மின்னேற்றம் எளிதில் திருப்பிவிடும்.

வகையைச் சோதிக்க லேபிலேயே ஒரு வழி உண்டு. மல்டிமீட்டரின் பாசிட்டிவ் புரோபைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, இரண்டு புரோபையும் சிலிக்கான்மீது வையுங்கள். n வகையானால் எலக்ட்ரான்கள் சூடான முனையை விட்டு விலகும், மில்லிவோல்ட் ரீடிங் பாசிட்டிவாக வரும். p வகையானால் நெகட்டிவ். புரோபை மட்டும் சூடாக்குங்க, துண்டு முழுவதையும் அல்ல. லேசாக டோப் செய்த p வகைத் துண்டு மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டால், எலக்ட்ரானும் துளையும் கிட்டத்தட்ட சம எண்ணிக்கையாகி, மொபிலிட்டி அதிகமுள்ள எலக்ட்ரான்தான் ஜெயிக்கும். மீட்டர் அதை n வகை என்றே காட்டும்.

அடுத்த முறை வைவாவில் "சூடாக்கினால் சிலிக்கானின் மின்தடை என்னாகும்?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதீங்க. "எவ்வளவு டோப்பிங் சார், எந்த வெப்பநிலையிலிருந்து?" என்று திருப்பிக் கேளுங்க. அந்த இரண்டு எண்ணும் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.