அரக்கா, ரோஜாவா?

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகும் வீடுகளில் விலையைவிட நிறத்துக்குத்தான் அதிக நேரம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நடக்கும் இந்தக் கதையில், பாட்டிக்கு அரக்கு வேண்டும், பேத்திக்கு வெளிர் ரோஜா வேண்டும். இருவருக்கும் நடுவில் நெசவாளர்.

"கூறைப்புடவைன்னா அரக்குதான்டி. உங்கம்மாவும் அதைத்தான் கட்டினா."

"அதனாலதான் பாட்டி வேண்டாங்கறேன். எல்லார் கல்யாணப் போட்டோவும் ஒரே மாதிரி இருக்கு. அப்புறம் ஒரு விசேஷத்துக்குக்கூட அதைக் கட்ட முடியாது."

"ஓமப் புகை, குங்குமம், மஞ்சள் தண்ணி, மாலையில இருந்து சொட்டற ஈரம். உன் ரோஜா இத்தனையும் தாங்குமா?"

பாட்டியின் பேச்சில் அனுபவம் இருக்கிறது. வெளிர் பட்டில் குங்குமக் கறை விழுந்தால் போவது கடினம். சரிகையும் அடர்ந்த அரக்கில் எடுப்பாகத் தெரியும். வெளிர் நிறத்தில் அதே சரிகை உடலோடு ஒன்றி மங்கிவிடும். பேத்தி சொல்வதிலும் நியாயம் உண்டு. வாழ்நாளில் ஒரு நாள் மட்டும் கட்டி, பெட்டியில் மடித்து வைக்க இவ்வளவு விலையா என்பது அவள் கேள்வி.

நெசவாளர் இரண்டு புடவைகளை எடுத்து வாசல் வெயிலுக்கு வந்தார். "உள்ளே விளக்கில் பார்த்து முடிவு பண்ணாதீங்கம்மா. வெயில்ல பாருங்க." விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்த அரக்கு, வெளியே வந்ததும் உள்ளிருந்து சிவந்தது. ரோஜாவோ வெயிலில் இன்னும் வெளுத்துப் போனது. பேத்தி முகம் சற்று மாறியதைப் பாட்டி கவனித்தாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவர் தறிக்கு அழைத்துப் போனார். நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிவப்புப் பாவில் வேறு நிற ஊடை ஓட்டினால் நேராகப் பார்க்கும்போது இரண்டும் கலந்த ஒரு நிறம் தெரியும். துணி அசையும்போது ஒன்று மாற்றி ஒன்று மேலெழும். மயில் கழுத்து நிறம் வருவதும் நீலமும் பச்சையும் இப்படிச் சேர்வதால்தான்.

"அப்போ அரக்குப் பாவுல ரோஜா ஊடை ஓட்டினா?" என்றாள் பேத்தி.

"வெளிர் ரோஜா வராது. பழுத்த ரோஜாவா வரும். மடிப்புல அரக்கு அடிக்கும்."

பாட்டி உடனே பிடித்துக்கொண்டாள். "கரையும் முந்தியும் சுத்த அரக்கா இருக்கட்டும்."

அதற்கும் வழி உண்டு. கோர்வை முறையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடாக்கள் ஓடும். எதிர்ப்பக்க நாடாவை வாங்கித் தள்ள ஒரு துணை ஆள் வேண்டும். அதனால் வேலையும் கூடும், விலையும் கூடும். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமானால் பாவின் இழைகளோடு புது நிற இழைகளைச் சேர்த்து நெய்வார்கள். அதைப் பேட்னி என்பார்கள். கரை உடலோடு சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால், கோர்வைப் புடவையில் அந்த இணைப்பு பல் பல்லாகக் கோத்திருப்பது தெரியும்.

ஆனால் கரை அடர் சிவப்பாகவும் உடல் வெளிறியும் இருக்கும் புடவைகளில் ஓர் ஆபத்து உண்டு. சாயம் போட்ட பிறகு நூலைச் சரியாக அலசாவிட்டால், ஒட்டாத சாயம் இழையிலேயே தங்கிவிடும். புடவை நனைந்ததும் அது உடலில் இறங்கும். வாங்கும் முன்பு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஈரமான வெள்ளைத் துணியைக் கரையின் உள்பக்கத்தில் சற்று அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். துணி சிவந்தால் அந்தப் புடவையை எடுக்க வேண்டாம். பாட்டி தன் கைக்குட்டையை நனைத்து அதே சோதனையை அங்கிருந்த அரக்குக் கரையில் செய்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"சரிடி, உடம்பு உன்னது, கரை என்னது" என்றாள் பாட்டி.

"முந்தி?"

"முந்தியும் என்னதுதான்."

இதற்குச் சம்மதித்தாலும் வேலை முடியவில்லை. ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவை நெய்வார்கள் என்பதால், தனி நிறம் கேட்டால் நெசவாளர் பாவையே புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஏற்கெனவே தறியில் அரக்குப் பாவு ஏறியிருந்தால் ஊடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செலவும் காத்திருப்பும் குறையும். ஆகவே நிறத்தைச் சொல்வதற்கு முன் தறியில் என்ன பாவு இருக்கிறது என்று கேளுங்கள். ஊடைக்கான சாய நூலை வெயிலில் பார்த்துச் சம்மதித்து, அதில் ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புடவை கைக்கு வரும் நாளில் நிறம் அதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.