விடுப்பு முடிந்து பணியில் சேரும் அறிக்கை

நீண்ட விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பும் மத்திய அரசு ஊழியர், அன்றைய தினமே அலுவலகத் தலைவருக்கு எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதமே பணியேற்பு அறிக்கை. அதில் கனமான விஷயம் தேதிதான். விடுப்புக் கணக்கும் ஊதியமும் அதை வைத்தே முடிவாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. வாரத்தில் ஐந்து நாள் இயங்கும் அலுவலகத்தின் எழுத்தர் ஒருவர், மருத்துவச் சான்றின் பேரில் 2024 ஜூன் 3 முதல் ஆகஸ்ட் 2 வரை 61 நாள் ஈட்டிய விடுப்பு பெற்றிருக்கிறார். ஆகஸ்ட் 2 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு கழித்துத் திங்கள் காலை அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “03.06.2024 முதல் 02.08.2024 வரை 61 நாள் ஈட்டிய விடுப்பில் இருந்தேன். 03.08.2024, 04.08.2024 ஆகிய விடுமுறை நாள்களைப் பின் இணைப்பாகக் கொண்டு, 05.08.2024 முற்பகல் பணியில் சேர்ந்தேன். உடற்தகுதிச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.” விடுப்பு ஆணையின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டால், விடுப்புப் பிரிவு கோப்பைத் தேடி அலைய வேண்டியிராது.

‘முற்பகல்’ என்பது வெறும் சடங்கல்ல. விடுப்பு எந்த நாளோடு முடிந்தது என்பதை அதுதான் சொல்கிறது.

பலர் கோட்டைவிடுவது உடற்தகுதிச் சான்றின் தேதியில். மருத்துவக் காரண விடுப்பில் சென்றவரை அந்தச் சான்று இல்லாமல் பணியில் சேர்க்க முடியாது. மருத்துவர் வெள்ளியன்றே தகுதி என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் சனியும் ஞாயிறும் தாமாகவே பின் இணைப்பாகிவிடும். திங்கள் காலைதான் சான்று வாங்கினால், அதற்கு முந்தைய அந்த இரண்டு நாளும் விடுப்பாகவே எண்ணப்படும். 61 நாள் 63 ஆகிவிடும். தேதி மாறியதால் மட்டுமே இரண்டு நாள் ஈட்டிய விடுப்பு கரைகிறது.

இவருக்கு ஜூலை 1 அன்று ஆண்டு ஊதிய உயர்வு வந்திருந்தாலும், விடுப்பில் இருந்தவரை பழைய ஊதியப்படியே விடுப்புச் சம்பளம் கிடைக்கும். உயர்ந்த ஊதியம் கைக்கு வருவது பணியேற்ற ஆகஸ்ட் 5 முதல்தான். ஊதியப் பிரிவு இந்த அறிக்கைக்காகக் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடுப்பு முடிந்தும் வராமல், நீட்டிப்பும் பெறாமல் இருந்தால் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின் 25ஆம் விதி பாயும். அந்த நாள்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அரைச் சம்பள விடுப்புக் கணக்கில் அவை கழிக்கப்படும். வேண்டுமென்றே வராதிருந்தால் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. முன்கூட்டியே திரும்புவதும் தன் விருப்பம் அல்ல. விடுப்பு அளித்த அதிகாரியின் அனுமதி வேண்டும்.

பழைய இருக்கையும் உறுதியில்லை. தனி ஆணை இல்லாத நிலையில், விடுப்புக்கு முன் வகித்த அதே பணியிடத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது 24ஆம் விதி. திரும்பியதைத் தெரிவித்துவிட்டு ஆணைக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க நேர்ந்தால், எந்த நாளில், எந்த வேளையில் வந்து சேர்ந்தார் என்பதற்கு அலுவலக முத்திரையும் தேதியும் இட்ட அறிக்கையின் நகலே அவர் கையில் இருக்கும் சான்று.